ஞானப்பல் எடுத்த குழியைப் பார்த்துக்கொள்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் பெரும்பாலும் கீழ்த்தாடை ஞானப்பல்லைப் பற்றியது. அதிலும் எலும்புக்குள் புதைந்து கிடந்து, ஈறைக் கீறி, கொஞ்சம் எலும்பைக் குடைந்து எடுக்கப்பட்ட பல்லைப் பற்றியது. தொந்தரவு அதிகம் வருவது அங்கேதான். மேல் பல்லுக்குத் தனியாக ஒரு கேள்வி இருக்கிறது. உங்களுக்கு அறுவை செய்த மருத்துவர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் சொன்னதையே கேளுங்கள். குழியை நேரில் பார்த்தவர் அவர்.

பஞ்சை எவ்வளவு நேரம் கடிச்சிருக்கணும்? எடுத்துப் பார்த்தா ரத்தம் நிக்காத மாதிரியே இருக்கு.

முக்கால் மணி நேரம் முதல் ஒரு மணி நேரம் வரை, பேசாமல், அழுத்திக் கடித்திருங்கள். நின்றுவிட்டதா என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்ப்பதுதான் பலரும் செய்யும் தவறு. குழி வாயில் உறைய ஆரம்பித்த ரத்தம் பஞ்சோடு ஒட்டிக்கொண்டு பிய்ந்து வரும், மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

எடுத்த பிறகும் கசிந்தால் சுத்தமான காஸ் துணியைச் சுண்டுவிரல் நுனி அளவுக்குத் தடிமனாக மடித்து, தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, குழியின் மேலேயே வைத்து இன்னும் அரை மணி நேரம் கடியுங்கள். பக்கத்துப் பல்லின் மேல் வைத்துக் கடித்தால் அழுத்தம் குழிக்குப் போகாது. வீட்டில் இருக்கும் வெறும் பஞ்சுருண்டையை வைக்காதீர்கள், அதன் நார் குழிக்குள் ஒட்டிக்கொள்ளும். காஸ் கையில் இல்லையென்றால் கறுப்புத் தேயிலைப் பை ஒன்றை நனைத்து ஆறவைத்துக் கடிக்கலாம். தேயிலையில் இருக்கும் துவர்ப்புப் பொருள் ரத்தம் உறைய உதவும்.

முதல் நாள் முழுக்க எச்சில் இளஞ்சிவப்பாக வருவது இயல்பு. ஒரு சொட்டு ரத்தம் வாய் நிறைய எச்சிலைச் சிவப்பாக்கிவிடும் என்பதால் பார்வைக்குப் பயமாகத்தான் இருக்கும். வாயில் புது ரத்தம் ஊறி நிரம்பிக்கொண்டே இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஒழுங்காக இரண்டு முறை அரை மணி நேரம் கடித்த பிறகும் அப்படி நிரம்பினால் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

துப்பக்கூடாது, ஸ்ட்ரால குடிக்கக்கூடாதுன்னு எல்லாரும் சொல்றாங்க. அதனாலதான் ட்ரை சாக்கெட் வருதா?

பாதி உண்மை. பல் எடுத்த குழியில் ரத்தம் நிரம்பி, உறைந்து, ஜெல்லி போன்ற ஒரு கட்டியாகிறது. அடியில் இருக்கும் எலும்பையும் நரம்பு நுனிகளையும் மூடிக் காப்பது அதுதான். புதுத் திசு வளர்வதும் அதன் மேல்தான். அந்தக் கட்டி ஆறும் முன்பே போய்விட்டு, அடியில் எலும்பு வெறுமையாகி வலிப்பதுதான் ட்ரை சாக்கெட். துப்பும்போதும் உறிஞ்சும்போதும் வாய்க்குள் உருவாகும் இழுவிசை, இன்னும் இறுகாத கட்டியை அசைத்துவிடலாம். அதனால் முதல் 24 மணி நேரம் எச்சிலை விழுங்கிவிடுங்கள், இல்லையென்றால் தலையைக் குனிந்து தானாக வழிய விடுங்கள். ஸ்ட்ராவை ஒரு வாரம் தள்ளி வைப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

ஆனால் ட்ரை சாக்கெட் வந்தவர்களில் பலருக்குக் கட்டி பிடுங்கப்பட்டதே இல்லை, உள்ளேயே கரைந்துபோயிருக்கும். டென்மார்க்கைச் சேர்ந்த பிர்ன் என்ற ஆய்வாளர் 1970களில் விளக்கியது இதைத்தான். அடிபட்ட எலும்பிலிருந்தும் கிருமிகளிடமிருந்தும் வெளிப்படும் பொருள்கள், ரத்தக்கட்டியைக் கரைக்கும் நொதியை நேரத்துக்கு முன்பே தூண்டிவிடுகின்றன. ஒருமுறைகூடத் துப்பாதவருக்கும் இது வருவதன் காரணம் இங்கே இருக்கிறது. கடினமாகக் குடைந்து எடுத்த பல், பல் எடுக்கும் முன்பே சுற்றி இருந்த ஈறு வீக்கம், புகையிலை, அழுக்கு வாய், ஏற்கெனவே ஒருமுறை ட்ரை சாக்கெட் வந்த அனுபவம் ஆகியவைதான் பெரிய காரணங்கள். இவற்றில் உங்கள் கையில் இருப்பவை புகையிலையும் வாய்ச் சுத்தமும். ஸ்ட்ராவுக்குப் பயந்து நடுங்குபவர்கள் இந்த இரண்டையும் கோட்டை விடுவது வேடிக்கை.

சாதாரணமாகப் பல் எடுத்தவர்களில் நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து பேருக்கு ட்ரை சாக்கெட் வரும். கீழ் ஞானப்பல்லில் அந்த விகிதம் பல மடங்கு அதிகம்.

முதல் நாள் ராத்திரி வரைக்கும் என்னென்ன பார்க்கணும்?

கீழ்த்தாடையில் போட்ட மரத்துப்போகும் ஊசி மூன்று முதல் ஐந்து மணி நேரம் வேலை செய்யும். அதுவரை உதடும் நாக்கும் உணர்வில்லாமல் இருக்கும், தெரியாமல் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வது சகஜம். சூடும் தெரியாது. அந்த நேரத்தில் மெல்ல வேண்டிய எதையும் சாப்பிடாதீர்கள். மரப்பு முழுதும் தெளியும் வரை காத்திருக்காமல், தெளிய ஆரம்பிக்கும்போதே முதல் வலி மாத்திரையைப் போட்டுவிடுங்கள். வலி ஏறிய பிறகு துரத்திப் பிடிப்பது கஷ்டம்.

ஐஸ் கட்டிகளைத் துணியில் சுற்றிக் கன்னத்துக்கு வெளியே 20 நிமிடம் வையுங்கள், 20 நிமிடம் எடுத்துவிடுங்கள். விழித்திருக்கும் நேரமெல்லாம் முதல் நாளும், முடிந்தால் இரண்டாம் நாளும் இப்படிச் செய்யலாம். வெந்நீர் ஒத்தடம் இந்த இரண்டு நாளும் வேண்டாம். படுக்கும்போது இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்திக்கொள்ளுங்கள். தலையணை உறையில் காலையில் ரத்தக்கறை இருக்கும், பழைய துண்டு ஒன்றை விரித்துக்கொண்டால் போதும். குனிந்து கனம் தூக்குவதையும் உடற்பயிற்சியையும் மூன்று நான்கு நாள் தள்ளிப்போடுங்கள்.

வீக்கம் மறுநாள் காலையில் கூடியிருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். அது இரண்டாம், மூன்றாம் நாள்தான் உச்சத்துக்கு வரும், பிறகு இறங்கும்.

வலி மாத்திரையை எப்படிப் போடணும்? ரெண்டு வகை எழுதிக் கொடுத்திருக்காங்க.

ஐபுப்ரோஃபெனும் பாராசிட்டமாலும் சேர்த்துப் போட்டால் தனித்தனியாகப் போடுவதைவிட நன்றாகக் கேட்கும், ஏனென்றால் இரண்டும் வேறு வேறு வழியில் வலியைக் குறைக்கின்றன. வேறு நோய் இல்லாத பெரியவர்களுக்கு வழக்கமாகக் கொடுப்பது, ஐபுப்ரோஃபென் 400 மி.கி. ஒன்றும் பாராசிட்டமால் 500 மி.கி. ஒன்றும், காலை, மதியம், இரவு உணவுக்குப் பின், இரண்டு மூன்று நாளைக்கு. வலி வரும்போது மட்டும் போடுவதைவிட முதல் இரண்டு நாள் மணி பார்த்துப் போடுவது நல்லது.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. கடையில் கிடைக்கும் பல மாத்திரைகளில் ஐபுப்ரோஃபென் 400, பாராசிட்டமால் 325 என்று இரண்டும் ஒன்றாகவே இருக்கும். அதைப் போட்டுவிட்டு, வீட்டில் காய்ச்சலுக்கு வைத்திருக்கும் 650 மி.கி. மாத்திரையையும் இடையிடையே போட்டால் கணக்கு எகிறிவிடும். அட்டையின் பின்பக்கத்தைப் படித்துக் கூட்டிப் பாருங்கள். ஒரு நாளில் ஐபுப்ரோஃபென் 1200 மி.கி.யைத் தாண்டக்கூடாது, பாராசிட்டமால் எல்லாம் சேர்த்து 4 கிராமைத் தாண்டக்கூடாது. கல்லீரல் பாதிப்போ குடிப்பழக்கமோ இருந்தால் பாராசிட்டமாலின் வரம்பு இன்னும் குறைவு.

வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, வலி மாத்திரையால் இழுப்பு வரும் ஆஸ்துமா, கர்ப்பம், ரத்தத்தை இளக்கும் மருந்து, டெங்கு சந்தேகம் இவற்றில் எது இருந்தாலும் ஐபுப்ரோஃபெனை நீங்களாகப் போடாதீர்கள். வலிக்காக ஆஸ்பிரினும் வேண்டாம், ரத்தக் கசிவைக் கூட்டும். அதே நேரம், இதயத்துக்காகத் தினமும் சாப்பிடும் ஆஸ்பிரினையோ மற்ற ரத்த இளக்கிகளையோ மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவும் கூடாது.

என்ன சாப்பிடலாம்? எத்தனை நாளைக்கு?

முதல் நாள் குளிர்ந்தது அல்லது ஆறியது, மெல்லத் தேவையில்லாதது. தாளிக்காத குழைந்த தயிர்சாதம், ஆறிய ராகிக் கூழ், கஞ்சி, பால், மசித்த வாழைப்பழம், பருப்போ முந்திரியோ கலக்காத ஐஸ்கிரீம். எல்லாவற்றையும் ஸ்பூனால் எடுத்து மறுபக்கமாக விழுங்குங்கள். இளநீர் குடிக்கலாம், டம்ளரில் ஊற்றி. மறுநாளிலிருந்து சாம்பாரில் ஊறிய இட்லி, இடியாப்பம், குழைந்த பொங்கல், அவித்த முட்டை என்று போகலாம்.

நம் சமையலில் குழிக்கு எதிரி தாளிப்புதான். கடுகு, எள், மிளகாய் விதை, சீரகம் எல்லாம் சரியாகக் குழிக்குள் போய் உட்காரும் அளவில் இருப்பவை, எடுப்பது கஷ்டம். பொங்கலில் மிளகு வேண்டாம். முறுக்கு, மிக்சர், வேர்க்கடலை, பொரி இரண்டு வாரத்துக்கு வேண்டாம். கொதிக்கக் கொதிக்க ரசம், காப்பி முதல் இரண்டு நாள் வேண்டாம், ஆறியபின் குடிக்கலாம்.

உப்புத் தண்ணியை எப்போ ஆரம்பிக்கணும், எப்படிக் கொப்பளிக்கணும்?

பல் எடுத்து 24 மணி நேரம் கழித்து. அதற்கு முன் கொப்பளித்தால் கட்டி கழுவிப் போகும். ஒரு டம்ளர், அதாவது 200 முதல் 250 மி.லி. வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பு. மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டால் சூடு தெரியக்கூடாது. ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் பின்னும், படுக்கும் முன்னும், ஒரு நாளைக்கு நான்கைந்து முறை.

கொப்பளிப்பது என்ற சொல்லே இங்கே கொஞ்சம் அதிகம். கன்னத்தை உப்பி, தொண்டையில் கரகரவென்று செய்து, வேகமாகத் துப்பும் வழக்கத்தை ஒரு வாரம் மறந்துவிடுங்கள். ஒரு வாய் நீரை எடுத்து, தலையை அந்தப் பக்கம் சாய்த்து, அரை நிமிடம் குழியின் மேல் நிற்க விட்டு, மறுபக்கம் சாய்த்து, பிறகு வாயைத் திறந்து வாஷ்பேசினில் தானாக விழ விடுங்கள். ஒரு டம்ளர் முடியும் வரை இப்படி. உப்பை அதிகமாகப் போட்டால் சீக்கிரம் ஆறும் என்பது கிடையாது, புண் எரியும், அவ்வளவுதான். நல்லெண்ணெய் கொப்பளிக்கும் பழக்கம் இருந்தால் குழி மூடும் வரை நிறுத்திவையுங்கள், அதில் பத்து நிமிடம் விடாமல் உறிஞ்சி உறிஞ்சி இழுப்பதுதானே வேலை.

பல் தேய்க்கலாமா? மவுத்வாஷும் கொடுத்திருக்காங்களே?

மற்ற பற்களை அன்று இரவே மென்மையாகத் தேய்க்கலாம், தையலை மட்டும் தொடாதீர்கள். மறுநாளிலிருந்து பக்கத்துப் பல்லையும் மென்மையான பிரஷால் தேய்த்தே ஆக வேண்டும். வலிக்குப் பயந்து அதை விட்டுவிட்டால் அங்கே படியும் மாவில் கிருமி பெருகும், அது நேராகக் குழிக்குப் போகும்.

மவுத்வாஷ் என்றால் பெரும்பாலும் குளோர்ஹெக்சிடின் 0.2 சதவீதமாக இருக்கும். மறுநாளிலிருந்து காலையும் இரவும் 10 மி.லி., ஒரு நிமிடம், உப்புத் தண்ணீருக்குச் சொன்ன அதே முறையில். ட்ரை சாக்கெட் வாய்ப்பை இது குறைக்கும். பற்பசை இதன் வேலையைக் கெடுக்கும் என்பதால் தேய்த்து அரை மணி நேரம் கழித்துப் பயன்படுத்துங்கள். உடனே டீ, காப்பி குடித்தால் பல்லில் பழுப்புக் கறை படியும். நாக்கில் ருசி மாறுவது தற்காலிகம். ஒரு வாரம் போதும். சாராயம் கலந்த, வாயை எரிக்கும் மவுத்வாஷ்களைத் தவிருங்கள்.

சிகரெட் எத்தனை நாள் நிறுத்தணும்? ஒண்ணே ஒண்ணு பிடிச்சா?

குறைந்தது மூன்று நாள் முழுசாக, முடிந்தால் ஒரு வாரம். முதல் நான்கு நாள்தான் கட்டிக்கு ஆபத்தான காலம். புகைப்பவர்களுக்கு ட்ரை சாக்கெட் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் மூன்று மடங்கு. உறிஞ்சும் இழுவிசை ஒரு பக்கம், நிக்கோட்டின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிக் குழிக்கு வரும் ரத்தத்தைக் குறைப்பது இன்னொரு பக்கம். பீடிக்கும் வேப்புக்கும் இதே கணக்கு. நிக்கோட்டின் ஏக்கம் தாங்கவில்லை என்றால் தோலில் ஒட்டும் பட்டையைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அதிலும் நிக்கோட்டின் உண்டு, ஆனால் உறிஞ்சலும் புகையும் இல்லை. நிக்கோட்டின் சூயிங்கம் வேண்டாம்.

வெற்றிலைபாக்கு, வாயில் அடக்கும் புகையிலை, குட்கா ஆகியவற்றைக் குழி மூடும் வரை தொடக்கூடாது. புகையே இல்லையே என்று அடக்கிக்கொள்பவர்கள், பாக்குத் தூளும் சுண்ணாம்பும் போய் உட்காரும் இடம் அந்தக் குழிதான் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

கருத்தடை மாத்திரை சாப்பிடுறேன். அதை நிறுத்தணுமா?

நிறுத்த வேண்டாம். ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ட்ரை சாக்கெட் வாய்ப்பு கூடுதல்தான், அந்த ஹார்மோன் கட்டியைக் கரைக்கும் வேலையைத் தூண்டுகிறது. அவசரமில்லாத பல் என்றால், மாத்திரை இல்லாத அந்த ஒரு வார இடைவெளியில் தேதி கேட்டு வாங்குங்கள். தேதி மாற்ற முடியாவிட்டாலும் மருத்துவரிடம் சொல்லிவையுங்கள், குழிக்குள் கிருமிநாசினி ஜெல் வைப்பது போன்ற முன்னேற்பாடு செய்வார்.

மூணாவது நாள் குழிக்குள்ள வெள்ளையா, மஞ்சளா படிஞ்சிருக்கு. சீழா?

பெரும்பாலும் சீழ் கிடையாது. கட்டியின் மேற்பரப்பில் ஃபைப்ரின் என்ற புரதம் படர்ந்து வெள்ளை மஞ்சளாகத் தெரியும், காலில் பட்ட காயம் காய்கையில் தெரியும் பொருக்கு மாதிரி, இங்கே ஈரத்தில் இருப்பதால் நிறம் மாறி. அதைச் சுரண்டவோ பட்ஸால் துடைக்கவோ கூடாது.

சீழ் என்றால் ஈறை வெளியிலிருந்து லேசாக அழுத்தும்போது கெட்டியாக வழியும், கெட்ட ருசி வரும், வீக்கமும் வலியும் கூடிக்கொண்டே போகும், காய்ச்சலும் இருக்கலாம். படிவு ஒட்டிக்கொண்டு அசையாமல் இருந்து, வலி நாளுக்கு நாள் குறைந்தால் குழி ஆறிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

ட்ரை சாக்கெட்னு நானே எப்படிக் கண்டுபிடிக்கிறது?

வலி எந்தத் திசையில் போகிறது என்று பாருங்கள். நன்றாக ஆறும் குழியில் வலி முதல் நாள் இரவு அதிகமாக இருந்து, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். ட்ரை சாக்கெட்டில் முதல் ஒன்றிரண்டு நாள் இறங்கிய வலி இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் நடுவில் திரும்பி ஏறும். குழியோடு நிற்காமல் காது, நெற்றிப்பொட்டு, தாடையின் கீழ்ப்பகுதி என்று பரவும். காது வலி என்று காது மருத்துவரிடம் போனவர்களும் உண்டு. ஐபுப்ரோஃபென் போட்டாலும் ஒன்றரை மணி நேரத்தில் திரும்பி வரும், தூக்கத்திலிருந்து எழுப்பும்.

கைபேசி டார்ச்சும் கண்ணாடியும் வைத்துப் பார்த்தால் கருஞ்சிவப்புக் கட்டி இருக்க வேண்டிய இடம் வெறும் ஓட்டையாக இருக்கும், அடியில் சாம்பல் வெள்ளையாக எலும்பு தெரியலாம். தண்ணீர் பட்டாலே சுரீர் என்று பாயும். வாய் நாறும். ஆனால் காய்ச்சல் இருக்காது, சீழ் இருக்காது, கன்னம் புதிதாக வீங்காது. தையல் போட்டிருந்தாலோ சோறு அடைத்திருந்தாலோ கண்ணுக்குத் தெரியாது, அப்போது வலியின் போக்கை வைத்துத்தான் சொல்ல முடியும்.

வயசு 27. திங்கட்கிழமை காலை 11 மணிக்கு வலது கீழ் ஞானப்பல் எடுத்தாங்க, படுத்த மாதிரி இருந்த பல். செவ்வாய், புதன் பரவாயில்லை. புதன் ராத்திரி ரெண்டு சிகரெட் பிடிச்சேன். வியாழன் மதியத்துலேர்ந்து காது வரைக்கும் வலிக்குது, மாத்திரை ஒரு மணி நேரம்தான் தாங்குது. காய்ச்சல் இல்லை. ஞாயிறு வரைக்கும் ஓட்டலாமா?

ஓட்ட வேண்டாம், இன்றே எடுத்த இடத்துக்குப் போன் செய்யுங்கள். எடுத்து ஏறக்குறைய 74 மணி நேரத்தில் வலி திரும்பியிருக்கிறது, காதுக்குப் பரவுகிறது, மாத்திரைக்கு அடங்கவில்லை, காய்ச்சல் இல்லை. நான்கும் ட்ரை சாக்கெட்டைத்தான் காட்டுகின்றன. சிகரெட் ஒன்றுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. படுத்திருந்த பல் என்றால் எலும்பைக் குடைந்திருப்பார்கள், அதுவே பெரிய காரணம்.

நாற்காலியில் நடப்பது பத்து நிமிட வேலை. வெதுவெதுப்பான சலைனைச் சிரிஞ்சில் எடுத்துக் குழியை மெதுவாகக் கழுவி, சோற்றையும் சிதைந்த கட்டியையும் வெளியேற்றுவார்கள். தொட முடியாத அளவு வலித்தால் மரத்துப்போகும் ஊசி போட்டுவிட்டுச் செய்வார்கள். பிறகு கிராம்பு எண்ணெயில் இருக்கும் யூஜெனால் என்ற பொருள் கலந்த பழுப்பு நிறப் பசையையோ, மருந்தில் தோய்த்த காஸ் நாடாவையோ குழிக்குள் இலகுவாக வைப்பார்கள். கிராம்பு வாசனை தூக்கலாக வரும். பெரும்பாலானவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்குள் வலி பாதிக்கும் கீழே இறங்கிவிடும். எலும்பைச் சுரண்டிப் புதிதாக ரத்தம் வரவழைப்பது பழைய வழக்கம், இப்போது பெரும்பாலும் செய்வதில்லை; எலும்பை மேலும் காயப்படுத்தும்.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: வைத்தது தானாகக் கரைந்து வெளியேறுமா, எடுக்க வேண்டியதா? காஸ் நாடா என்றால் கட்டாயம் திரும்பப் போய் எடுக்க வேண்டும், உள்ளேயே மறந்துவிட்டால் அதைச் சுற்றியே சீழ் பிடிக்கும். மருந்தை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றுவார்கள். வெள்ளிக்கிழமை வைத்தால் ஞாயிறோ திங்களோ ஒரு முறை, தேவைப்பட்டால் புதன் இன்னொரு முறை என்று போகும். வார இறுதியில் கிளினிக் மூடியிருக்குமா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஏழு முதல் பத்து நாளில் வெறும் எலும்பின் மேல் புதுத் திசு படர்ந்துவிடும், அதோடு வலி நின்றுவிடும்.

போகும் வரை ஐபுப்ரோஃபெனையும் பாராசிட்டமாலையும் மேலே சொன்ன கணக்கில் தொடருங்கள், சாப்பாடு முடிந்ததும் உப்புத் தண்ணீர். இதற்கிடையே காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலோ, கன்னம் புதிதாக வீங்கினாலோ கதை வேறு, தொற்றாக இருக்கலாம். அப்படியானால் அன்றே பார்க்க வேண்டும்.

கிளினிக் போக முடியலைன்னா கிராம்பு எண்ணெயை நானே குழிக்குள்ள விடலாமா?

வேண்டாம். கிளினிக்கில் வைக்கும் மருந்திலும் யூஜெனால்தான், ஆனால் அளவோடு பசையில் கலந்திருக்கும். பாட்டில் எண்ணெயை நேராக விட்டால் ஈறும் கன்னத்தின் உட்புறமும் வெந்துபோகும், திறந்த எலும்பும் பாதிக்கப்படும். முழுக் கிராம்பை அடக்குவது, பெருங்காயம் வைப்பது, மஞ்சள் தூள் அடைப்பது எல்லாம் பிறகு கழுவி எடுக்க வேண்டிய குப்பையாகத்தான் முடியும். ஒரு இரவைத் தாண்ட வேண்டும் என்றால் மாத்திரை, உப்புத் தண்ணீர், உயர்ந்த தலையணை.

ஆன்டிபயாடிக் போட்டா சரியாயிடுமா?

ட்ரை சாக்கெட்டுக்கு அது மருந்தாகாது. ரத்த ஓட்டமே எட்டாத வெறும் எலும்பின் வலி அது, அங்கே கழுவலும் மருந்துப் பசையும்தான் வேலை செய்யும். காய்ச்சல், சீழ், பரவும் வீக்கம் இருந்தாலோ, சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதது போன்ற காரணம் இருந்தாலோ மருத்துவர் எழுதுவார். எழுதியிருந்தால் சொன்ன நாள் வரை போடுங்கள். மெட்ரோனிடசோல் இருந்தால் அது முடிந்து இரண்டு நாள் வரை மது கூடாது.

குழியில சோறு மாட்டிக்குது. எப்படி எடுக்கிறது?

முதல் வாரம் உப்புத் தண்ணீர் போதும். குச்சி, ஊக்கு, பட்ஸ் எதையும் உள்ளே விடாதீர்கள். ஒரு வாரம் கழித்தும் குழி ஆழமாக இருந்தால், முனை வளைந்த பிளாஸ்டிக் சிரிஞ்சு ஒன்றைக் கிளினிக்கில் கேட்டு வாங்குங்கள். ஊசி இல்லாத 10 மி.லி. சிரிஞ்சும் ஆகும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை நிரப்பி, முனையைக் குழியின் விளிம்புக்குப் பக்கத்தில் வைத்து மெதுவாக அழுத்துங்கள். ஆழமாகக் குத்த வேண்டாம். துகள் எதுவும் வராமல் தெளிந்த நீர் வரும் வரை, சாப்பாட்டுக்குப் பின் ஒவ்வொரு முறையும். முதல் தடவை லேசாக ரத்தம் வந்தால் பரவாயில்லை. குழி ஆழம் குறையக் குறைய இந்த வேலையும் குறையும். மூன்று நான்கு வாரம் ஆகலாம்.

மேல் ஞானப்பல் எடுத்தவங்களுக்கும் இதே முறைதானா?

ட்ரை சாக்கெட் அங்கே அபூர்வம், மற்றவை ஏறக்குறைய இதேதான். ஆனால் மேல் கடைவாய்ப் பல்லின் வேருக்கு மேலே சைனஸ் அறை இருக்கிறது, நடுவில் இருக்கும் எலும்பு சிலருக்குத் தாள் கனம்தான். திறந்துவிட்டதோ என்று மருத்துவர் சந்தேகப்பட்டால் இரண்டு வாரம் மூக்கைச் சிந்தக்கூடாது, தும்மலை அடக்காமல் வாயைத் திறந்து தும்ம வேண்டும். குடிக்கும் தண்ணீர் மூக்கு வழியே வந்தாலோ, குழிக்குள் காற்று போய் வருவது போல் இருந்தாலோ சொல்லுங்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதிச் சோதிக்காதீர்கள், சிறு துளை பெரிதாகிவிடும்.

எதுக்கு உடனே ஓடணும்?

எச்சிலை விழுங்க முடியாமல் வழிவது, மூச்சுவிடச் சிரமம், குரல் மாறுவது, நாக்கின் அடிப்பகுதி கெட்டியாகத் தூக்கிக்கொண்டு வருவது, தாடைக்குக் கீழே கழுத்து வரை வீங்கி இறுகுவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் பல் கிளினிக்குக்குப் போக வேண்டாம், நேராகப் பெரிய மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. தொற்று தொண்டைப் பக்கம் இறங்கி மூச்சுக்குழாயை அடைக்கப் பார்க்கிறது என்பதன் அடையாளங்கள் இவை, மணிக்கணக்கில் மோசமாகும்.

அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டியவை வேறு. அழுத்தியும் நிற்காத ரத்தம், 38 டிகிரியைத் தாண்டிய காய்ச்சல், நான்காம் நாளுக்குப் பிறகு குறையாமல் கூடும் வீக்கம், சீழ், புது மாத்திரைக்குப் பின் தோல் தடிப்பு. முகம் வீங்கி மூச்சுத் திணறினால் அதுவும் 108தான்.

வாய் திறப்பதை விரலால் அளந்து பாருங்கள். சாதாரணமாக மூன்று விரலை நிமிர்த்தி நுழைக்கலாம். அறுவைக்குப் பின் ஒன்றரை, இரண்டு விரலாகச் சுருங்குவது தாடைத் தசையின் இறுக்கம், ஒன்று இரண்டு வாரத்தில் தளரும். நேற்று இரண்டு விரல் போனது இன்று ஒரு விரல்தான் போகிறது என்றால் தொற்றைச் சந்தேகியுங்கள்.

உதடு, தாடை நுனி, நாக்கில் உணர்வின்மை 24 மணி நேரத்தைத் தாண்டினால் மருத்துவரிடம் பதிவு செய்யுங்கள். நரம்பு நசுங்கியிருந்தால் பெரும்பாலும் சில வாரத்திலிருந்து சில மாதத்தில் திரும்பும், ஆனால் ஆரம்பத்திலிருந்து எவ்வளவு இடம் மரத்திருந்தது என்ற குறிப்பு பிறகு மிகவும் உதவும்.

தையல் எப்போ விழும்? மூணு வாரம் கழிச்சு ஈறுல கூர்மையா ஏதோ குத்துதே?

கரையும் தையல் ஒரு வாரத்திலிருந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் தானாக உதிரும். விழுங்கிவிட்டாலும் ஒன்றும் ஆகாது. கறுப்புப் பட்டு நூல் என்றால் ஏழாம் நாள் வாக்கில் போய்ப் பிரிக்க வேண்டும். ஈறு மூடிக்கொள்ள மூன்று முதல் ஆறு வாரம் ஆகும், உள்ளே எலும்பு நிரம்பப் பல மாதம்.

குத்துவது பெரும்பாலும் பல்லின் துண்டு கிடையாது, குழியின் விளிம்பிலிருந்து பிரிந்து வெளியே வரும் எலும்புச் சில்லு. சிறியதாக இருந்தால் தானே விழும். நாக்கை அறுத்தாலோ ஒரு வாரத்தில் விழாவிட்டாலோ கிளினிக்கில் ஒரு நிமிடத்தில் எடுத்துவிடுவார்கள், நகத்தால் நெம்பாதீர்கள். எலும்புத் தேய்மானத்துக்கோ புற்றுநோய்க்கோ சோலெட்ரோனிக் அமிலம், அலெண்ட்ரோனேட் போன்ற மருந்து எடுப்பவர்களுக்கு மட்டும் இந்தப் பொறுமை பொருந்தாது. அவர்களுக்கு வெறும் எலும்பு வாரக்கணக்கில் மூடாமல் இருப்பது தாடை எலும்பே செத்துப்போவதன் ஆரம்பமாக இருக்கலாம், தாடை அறுவை மருத்துவரிடம் காட்டி எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.